நாலு கார்ட் ஞாபகம் இருக்கு, பாட்டு எதுன்னு தெரியல: எண் போட்டுத் தேடுவது பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பேர் கிட்டாரோடு கூடுவோம். வகுப்பு என்று சொல்ல முடியாது, தே தாரேக் ஆறுவதற்குள் யாராவது ஒருவர் "அண்ணே, இந்தக் கார்ட்ஸ் எந்தப் பாட்டுக்கு வரும்?" என்று ஆரம்பித்துவிடுவார். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய்தான் இதை எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

G, D, Em, C. இது நல்லா ஞாபகம் இருக்குண்ணே. அப்படியே கூகுள்ல அடிச்சேன், என்னென்னமோ வருது. ஏன்?

இரண்டு காரணம். கார்ட் போட்ட பாட்டுத் தாள்களில் G, D, Em, C நாலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்காது. ஒவ்வொன்றும் ஒரு வார்த்தையின் தலைமேல் உட்கார்ந்திருக்கும், நடுவே பாட்டு வரிகள் ஓடும். நீங்கள் அடிக்கும் தொடர் அந்தத் தாளில் தொடராகவே இருப்பதில்லை.

இரண்டாவதுதான் பெரிய காரணம். நீங்கள் பார்த்தவர் தன் குரலுக்கு ஏற்ப G-யில் வாசித்திருப்பார். தாள் எழுதியவர் அதே பாட்டை A-யில் எழுதியிருந்தால் அங்கே A, E, F#m, D என்று இருக்கும். பாட்டு ஒன்றுதான், எழுத்து ஒன்றுகூட ஒத்துப்போகாது. பாட்டோடு மாறாமல் ஒட்டிக்கொண்டிருப்பது கார்ட்களுக்கு நடுவில் உள்ள தூரம். அந்தத் தூரத்தை எழுதத்தான் எண்.

எண்ணா எப்படி மாத்துறது? எனக்கு தியரி எல்லாம் தெரியாது.

தியரி வேண்டாம், ஆறாவது கம்பி போதும். அதாவது தடித்த கம்பி. பாட்டு சுற்றிவிட்டு வந்து ஓய்கிற கார்டை அதன் வீடு என்று சொல்வோம். அது G என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கம்பியில் மூன்றாவது ஃபிரெட் G. அது 1. அங்கிருந்து 2, 4, 5, 7, 9, 11 ஃபிரெட் தள்ளினால் முறையே 2, 3, 4, 5, 6, 7 என்ற படிகள் கிடைக்கும். அப்படிப் பார்த்தால் A என்பது 2, B என்பது 3, C என்பது 4, D என்பது 5, E என்பது 6. ஆகவே G, D, Em, C என்றால் 1 5 6 4. மேலே சொன்ன A, E, F#m, D-யையும் A-யை வீடாக வைத்து எண்ணிப் பாருங்கள், அதே 1 5 6 4 வரும்.

மேஜர் ஸ்கேலில் 1, 4, 5 இயல்பாகவே மேஜர் கார்ட். 2, 3, 6 இயல்பாகவே மைனர். அதனால் அவற்றுக்குக் குறி எதுவும் போட வேண்டாம். இயல்புக்கு மாறாக வந்தால் மட்டும் குறி போடுங்கள்: 3 மேஜராக வந்தால் 3M, 4 மைனராக வந்தால் 4m. ரோமன் எண்ணில் எழுதுபவர்கள் மேஜருக்குப் பெரிய எழுத்தும் மைனருக்குச் சின்ன எழுத்தும் போடுவார்கள்: `I V vi IV`. தேடும் இடங்களில் இது கண்ணில் படும், பயப்பட வேண்டாம்.

இது நம்ம சரிகமபதநி தானே? எங்க மிஸ் "அஞ்சு கட்டை"ன்னு சொல்வாங்களே, அந்த அஞ்சுதான் இந்த 5-ஆ?

முதல் பாதி சரி. ச-வை எங்கே வைத்தாலும் ப அதிலிருந்து அதே தூரத்தில்தான் இருக்கும்; 1 எங்கே இருந்தாலும் 5-ம் அப்படித்தான். மேஜர் ஸ்கேல் என்பது சங்கராபரணத்தின் அதே ஏழு ஸ்வரங்கள். கர்நாடக சங்கீதம் கொஞ்சம் படித்தவர்களுக்கு இந்த எண் முறை மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடிபடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் பாதி தப்பு, இதில்தான் பலர் விழுகிறார்கள். கட்டை என்பது ச-வை எந்தச் சுருதியில் நிறுத்துகிறோம் என்பது. ஒரு கட்டை C, இரண்டு கட்டை D, ஐந்து கட்டை G. அது நிலையான இடம். நம் 5 என்பது வீட்டிலிருந்து எத்தனையாவது படி என்பது, வீடு மாறினால் அதுவும் கூடவே மாறும். உங்கள் மிஸ் அஞ்சு கட்டையில் பாடினால் G-தான் 1. அப்போது 5 என்பது D.

வீடு எதுன்னே தெரியலையே! முதல்ல வர்ற கார்ட்தான் 1-ஆ?

பல நேரம் ஆமாம், ஆனால் நம்பிவிடக் கூடாது. இதைவிட உறுதியான வழி ஒன்று உண்டு. உங்கள் கார்ட்களில் இரண்டு ஃபிரெட் இடைவெளியில் இரண்டு மேஜர் கார்ட் இருக்கிறதா என்று பாருங்கள். மேஜர் ஸ்கேலுக்குள் அப்படிப் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் மேஜர் கார்ட்கள் 4-ம் 5-ம் மட்டுமே. C-யும் D-யும் இருந்தால் C 4, D 5, ஆகவே G வீடு. F-ம் G-யும் இருந்தால் C வீடு. மைனரிலும் இதே கதைதான்: இரண்டு ஃபிரெட் இடைவெளியில் இரண்டு மைனர் என்றால் அவை 2-ம் 3-ம்.

மூன்றே கார்ட், G, D, Em என்று மட்டும் ஞாபகம் இருந்தால் இந்த வழி உதவாது. G-யை வீடாக வைத்தால் 1 5 6. D-யை வைத்தால் 4 1 2. இரண்டும் சரிதான். இன்னொரு கார்டை எப்படியாவது ஞாபகத்துக்குக் கொண்டுவாருங்கள். அது C என்றால் பெரும்பாலும் வீடு G. A மேஜர் என்றால் D. அதுவும் கிடைக்கவில்லை என்றால் இரண்டு விதமாகவும் எழுதித் தேட வேண்டியதுதான், இரண்டு முறை தேடினால் குடி முழுகிப் போகாது.

அவர் கேப்போ போட்டிருந்தார், எந்த ஃபிரெட்டுன்னு பாக்கல. போச்சா?

போகவில்லை. எழுத்தாக எழுதினால்தான் கேப்போ பிரச்சினை. இரண்டாவது ஃபிரெட்டில் கேப்போ போட்டு G வடிவம் பிடித்தால் ஒலிப்பது A. ஆனால் எல்லா வடிவமும் சேர்ந்தேதான் மேலே ஏறுகிறது, தூரம் மாறுவதில்லை. விரல் வடிவத்தை வைத்தே எண் போடுங்கள். ஒரே எச்சரிக்கை: பாதிக் கார்டை விரல் பார்த்தும் மீதியைக் காதால் கேட்டும் எழுதாதீர்கள். கேப்போ இருந்தால் இரண்டும் ஒட்டாது.

சரி, எண் வந்தாச்சு. இப்ப எங்க கொண்டுபோய்ப் போடுறது?

நான் முதலில் போவது `Hooktheory` தளத்தின் `Trends` பக்கம். அங்கே கார்ட்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் அந்த வரிசை வரும் பாட்டுகளின் பட்டியல் கிடைக்கும். எந்த ஸ்கேலில் வாசித்தீர்கள் என்பது அதற்குத் தேவையில்லை. பாட்டின் எந்தப் பகுதியில் அந்த வரிசை வருகிறது, சரணமா கோரஸா, என்பதும் தெரியும். பயனர்கள் சேர்த்த பாட்டுகள்தான் அதில் இருக்கும், அதாவது யாரும் சேர்க்காத பாட்டு கிடைக்காது.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். நாலு கார்ட் சுற்றிச் சுற்றி வரும் பாட்டில் நீங்கள் எங்கிருந்து கேட்க ஆரம்பித்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியாது. 1 5 6 4 என்று நீங்கள் நினைப்பது 6 4 1 5 ஆகவோ 4 1 5 6 ஆகவோ 5 6 4 1 ஆகவோ பதிவாகியிருக்கலாம். சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் திருப்பி நாலு முறையும் தேடுங்கள்.

1 5 6 4 போட்டேன். பட்டியல் முடியவே மாட்டேங்குது லா!

முடியாது. பாப் பாட்டு உலகத்தில் அதுதான் நாசி லெமாக் மாதிரி, எந்தத் தெருவிலும் கிடைக்கும். அந்த நாலு கார்டை வைத்துக்கொண்டு பாட்டைக் கண்டுபிடிப்பது, "வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்" என்று சொல்லித் தைப்பூசத்தன்று பத்துமலையில் ஆள் தேடுவதற்குச் சமம். உங்களுக்கு வேண்டியது ஸ்கேலுக்குள் அடங்காத ஒரு கார்ட். அது ஒன்று இருந்தால் பட்டியல் சட்டென்று சுருங்கும். "ஏதோ ஒரு இடத்துல விரல் வித்தியாசமாப் போச்சு" என்று நினைவிருந்தால் அந்த இடத்தைத்தான் முதலில் தோண்ட வேண்டும். அடுத்த கேள்வி அப்படிப்பட்டதுதான்.

பினாங்குல எங்க மாமா ஒரு பாட்டு வாசிப்பார். C, E, F, அப்புறம் Fm. மெதுவா, சோகமா இருக்கும். அவர்கிட்ட இப்ப கேக்க முடியாது. இத வச்சு கண்டுபிடிக்க முடியுமா?

முடிந்தது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வீடு. இங்கே இரண்டு ஃபிரெட் இடைவெளியில் மேஜர் ஜோடி இல்லை; E-யும் F-ம் ஒரே ஃபிரெட் இடைவெளி. மேஜர் ஸ்கேலுக்குள் ஒரே ஃபிரெட் இடைவெளியில் இரண்டு மேஜர் கார்ட் வராது, ஆகவே ஸ்கேலுக்கு வெளியிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். Fm முடிந்ததும் மாமா மறுபடி C-க்குத்தான் வருவார், அங்கேதான் மூச்சு விடுவார் என்று கேள்வி கேட்ட தம்பி சொன்னார். அதனால் C-யை வீடாக வைத்தோம். அப்படியென்றால் 1, 3M, 4, 4m. ரோமன் எண்ணில் `I III IV iv`. 3 இயல்பாக மைனராக இருக்க வேண்டியது மேஜராக நிற்கிறது. 4 மேஜராக வந்து உடனே மைனராக மாறுகிறது. நாலில் இரண்டு வெளியாட்கள். தேடுகிறவனுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

தேடும் முன் ஞாபகம் சரிதானா என்று சோதித்தோம். இந்த நாலு கார்டுக்குள் ஒரு இழை ஒளிந்திருக்கிறது. C-யில் G ஸ்வரம் இருக்கிறது, E-யில் G#, F-ல் A, Fm-ல் மறுபடி G# (அங்கே அதை A♭ என்று எழுதுவார்கள்), பிறகு C-யின் G. நம் கணக்கில் ப, சின்ன த, பெரிய த, சின்ன த, ப. ஒரு படி ஏறி, இன்னொரு படி ஏறி, அதே வழியில் இறங்குகிறது. இதை முனகிக் காட்டச் சொன்னதும் தம்பி முகம் மாறிவிட்டது: "இதேதாண்ணே, மாமா வாசிக்கிறப்ப உள்ளுக்குள்ள இதுதான் கேக்கும்." கார்ட் நாலும் சரி என்று அப்போதே தெரிந்துவிட்டது.

தேடினால் முன்னால் வந்து நின்றது ரேடியோஹெட் குழுவின் 'க்ரீப்', 1992-இல் வெளிவந்தது. அதன் தாளில் G, B, C, Cm என்று இருக்கும். எண்ணிப் பார்த்தால் அதே 1 3M 4 4m. C, E, F, Fm என்று எழுத்தாகத் தேடியிருந்தால் அந்தத் தாள் கண்ணில் பட்டிருக்காது. ஆனால் மாமா எழுபதுகளில் பத்து ஃபெரிங்கி பக்கம் ஹோட்டல் இசைக்குழுவில் வாசித்தவர், இந்தப் பாட்டை அந்தக் காலத்திலிருந்தே வாசிக்கிறார். ஆண்டு இடித்தது. இதே வரிசை வரும் இன்னொரு பாட்டு உண்டு: தி ஹாலிஸ் குழு 1974-இல் பிரபலப்படுத்திய 'தி ஏர் தட் ஐ ப்ரீத்'. இரண்டும் ஒத்திருப்பது யாரோ கற்பனை செய்தது அல்ல. அந்தப் பழைய பாட்டை எழுதிய ஆல்பர்ட் ஹேமண்ட், மைக் ஹேசில்வுட் இருவர் பெயரும் 'க்ரீப்' பாட்டின் எழுத்தாளர்களோடு சேர்த்தே குறிப்பிடப்படுகிறது.

எதுவென்று முடிவு செய்ய ஒரு கேள்வி போதுமாக இருந்தது: கோரஸ் வரும்போது மாமாவின் கை அதே நாலு கார்டில் நின்றதா, வேறு எங்காவது போனதா? 'க்ரீப்' முதலிலிருந்து கடைசி வரை அந்த நாலிலேயே சுற்றும். பழைய பாட்டின் கோரஸ் வேறு கார்ட்களுக்குப் போய்விடும். "கோரஸ்ல கை மாறும், அதான் எனக்கு அந்த இடம் ஞாபகமில்ல" என்றார் தம்பி. யூடியூபில் பழைய பாட்டைப் போட்டோம். முதல் வரிக்கே போதும் என்று கையைக் காட்டிவிட்டார்.

நீங்க சொன்ன `III` நான் தேடுறப்ப வரவே இல்ல, `V/vi`ன்னு ஏதோ இருந்துச்சு. அது என்ன?

அதே கார்ட், வேறு பெயர். C ஸ்கேலில் E மேஜர் பெரும்பாலும் Am-க்குப் போவதற்கான வாசல். Am-ஐத் தற்காலிக வீடாக நினைத்தால் அதற்கு E ஐந்தாவது. ஆகவே "ஆறின் ஐந்து", `V/vi`. மாமாவின் பாட்டில் அது Am-க்குப் போகாமல் F-க்கு நழுவுகிறது, இருந்தாலும் சிலர் அந்தப் பெயரிலேயே எழுதுவார்கள். 2 மேஜராக வந்தால் `V/V` என்று எழுதுவதும் இதே வழக்கம்தான். வெளியாள் கார்ட் கிடைத்தால் இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

சோகப் பாட்டு, Am-ல ஆரம்பிச்சு Am-லயே முடியுது. Am, F, C, G. அப்ப Am தானே 1?

உங்கள் காதுக்கு ஆமாம். அப்போது 1 6 3 7, ரோமனில் `i VI III VII`. ஆனால் இதையே C-யை வைத்து 6 4 1 5 என்று எழுதுபவர்களும் நிறைய. ஒரே ஏழு ஸ்வரம், எங்கிருந்து எண்ணுகிறோம் என்பதுதான் வித்தியாசம். சங்கராபரணத்தின் த-வை ச-வாக வைத்தால் நடபைரவி வருகிற மாதிரி.

நடுவில் எங்காவது E மேஜர் வந்து Am-இல் இறங்கினால் வீடு பெரும்பாலும் Am-தான். அது இல்லாவிட்டால் இரண்டு விதமாகவும் தேடுங்கள். மேலே சொன்ன சக்கரம் சுற்றும் வேலை இங்கேயும் உண்டு, இரட்டிப்பாக.

என் ஞாபகமே தப்பா இருந்தா?

பெரும்பாலும் கொஞ்சம் தப்பாகத்தான் இருக்கும். எப்படித் தப்பும் என்பதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது, அதுதான் உதவி. ஒன்றுக்கொன்று இரண்டு ஸ்வரம் பொதுவாக உள்ள கார்ட்கள்தான் நினைவில் இடம் மாறும். C-யும் Am-ம், F-ம் Dm-ம், G-யும் Em-ம். எண்ணில் சொன்னால் 1-க்குப் பதில் 6, 4-க்குப் பதில் 2, 5-க்குப் பதில் 3. ஒன்றும் கிடைக்காவிட்டால் முதலில் 4-ஐ 2 ஆக்கிப் பாருங்கள்; எங்கள் கூட்டத்தில் அதிகம் தப்பியது அதுதான்.

அலங்காரங்களைக் கழற்றிவிடுங்கள். Cadd9 என்றால் C, Dsus4 என்றால் D, G7 என்றால் G. D/F# என்று இருந்தால் D மட்டும், கீழே ஒலிக்கும் F#-க்குத் தனி எண் வேண்டாம். பவர் கார்ட் மட்டும் நினைவிருக்கிறவர்களுக்குத்தான் சங்கடம். அதில் மேஜரா மைனரா என்று சொல்லும் ஸ்வரமே இல்லை. அங்கே பாடுபவரின் மெட்டை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

தமிழ்ப் பாட்டு, மலாய்ப் பாட்டு இப்படிக் கிடைக்குமா?

எண்ணை வைத்துத் தேடும் தளங்களில் ஆங்கிலப் பாட்டுதான் அதிகம். மலாய்ப் பாட்டுக்கு நான் திரும்பி எழுத்துக்கே போகிறேன். எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, கிட்டாரில் சுலபமான G, C, D, A, E ஐந்திலும் மாற்றி எழுதி, `chords` என்பதற்குப் பதில் `kord gitar` என்று சேர்த்துத் தேடுவேன். இந்தோனேசியப் பாட்டாக இருக்கலாம் என்று தோன்றினால் `kunci gitar`. தாளின் தலைப்பில் முன்னிசைக் கார்ட்களை ஒரே வரியில் எழுதும் பழக்கம் அந்தத் தாள்களில் நிறைய உண்டு. முதல் கேள்வியில் சொன்ன தடங்கல் அங்கே மட்டும் குறைகிறது, ஆகவே முன்னிசை ஞாபகம் இருந்தால் அதிர்ஷ்டம்.

தமிழ் சினிமாப் பாட்டு கஷ்டம். மெட்டு ராகத்தில் நடக்கும், கார்ட் அதற்குப் பின்னால் போகும். ஒரே பாட்டுக்கு மூன்று பேர் மூன்று விதமாகக் கார்ட் போட்டிருப்பார்கள், மூன்றும் வாசித்தால் பொருந்தும். அங்கே கார்ட் எண்ணைவிட மெட்டின் முதல் ஏழெட்டு ஸ்வரத்தை எழுதி, பாட்டுத் தெரிந்த ஒரு பெரியவரிடம் முனகிக் காட்டுவதுதான் வேகமான வழி. செந்தூல் பக்கம் எனக்கு அப்படி ஒரு அக்கா இருக்கிறார், ஐந்து நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டதில்லை.

எங்க குழு பாட்டு எல்லாத்தையும் எண்ணா எழுதி வச்சிட்டா எங்களுக்குள்ளயே தேடலாமில்ல?

தாராளமாக. அமெரிக்காவில் நாஷ்வில் ஒலிப்பதிவுக் கலைஞர்கள் 1950-களின் கடைசியிலிருந்து இப்படித்தான் எண்ணில் எழுதி வாசிக்கிறார்கள். பாடகர் ஸ்கேலை மாற்றச் சொன்னால் தாளை மாற்ற வேண்டியதில்லை. உங்களுக்குப் போனில் ஒரு சாதாரண நோட் போதும். ஒரு பாட்டுக்கு ஒரு வரி, எண்களுக்கு நடுவில் ஒரே ஒரு இடைவெளி. ஒரு சின்னத் தந்திரம்: சுற்றி வரும் வரிசையை இரண்டு முறை எழுதுங்கள்.

```
கல்யாண வீட்டுப் பாட்டு: 1 5 6 4 1 5 6 4
மாமா பாட்டு: 1 3M 4 4m 1 3M 4 4m
```

இப்போது 6 4 1 5 என்று தேடினாலும் முதல் வரி சிக்கும், 4 1 5 6 என்று தேடினாலும் சிக்கும். சக்கரத்தைத் திருப்பித் திருப்பி நாலு முறை தேடும் வேலை மிச்சம். கோரஸ் வேறு என்றால் அதற்குத் தனி வரி போடுங்கள். எங்கள் நோட்டில் மாமா பாட்டின் கோரஸ் வரி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. தம்பி அடுத்த வாரம் எழுதித் தருவதாகச் சொல்லி மூன்று வாரம் ஆகிறது.